தாது வருஷம் தை மாதம்: ஒரு பழைய ஸ்டூடியோ படத்தை வாசிப்பது எப்படி

"எங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்த பழைய போட்டோ இது. முன்பக்கமும் பின்பக்கமும் ஸ்கேன் செய்து போட்டிருக்கிறேன். ஓர் அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் ஒருவர் நிற்கிறார். எந்தக் காலத்துப் படம்? உடையை வைத்து என்ன சொல்லலாம்? புடவை என்ன நிறமாக இருக்கும்? கணவன் மனைவிதானா? குடும்பப் புத்தகத்தில் படத்துக்குக் கீழே நாலு வரி எழுத வேண்டும், தப்பாக எழுதிவிடக் கூடாது."

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். 1937 ஜனவரி கடைசியில் எடுத்த படமாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அந்தத் தேதி முழுக்கப் பின்பக்க எழுத்தை நம்பித்தான் நிற்கிறது. எழுத்தை மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் என்னிடம் காட்டியிருந்தால் 1920களின் நடுவிலிருந்து 1950 வரை என்று சொல்லி நிறுத்தியிருப்பேன். புடவையின் நிறத்தை இந்தப் படத்திலிருந்து யாராலும் சொல்ல முடியாது. கணவன் மனைவியா என்பதற்கும் படத்தில் பதில் இல்லை.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முதலில் செய்ய வேண்டியது, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுவது. பெயர், உறவு, மனநிலை எதையும் சேர்க்காமல் எழுதுங்கள். உங்கள் படத்துக்கு நான் எழுதினால் இப்படி வரும்: கைவைத்த மர நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார், அகலக் கரை போட்ட கருமையான புடவை, முழங்கைக்குச் சற்று மேலே முடியும் புஃப் கை ரவிக்கை, நெற்றியில் கரிய பொட்டு, காதில் பல கல் தோடு, மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி, கழுத்தில் அட்டிகையும் நீளச் சங்கிலியும். அவருக்கு இடப்பக்கம் ஓர் ஆண் நிற்கிறார், வெள்ளை வேட்டி, திறந்த கழுத்துக் கோட்டு, உள்ளே வெள்ளைச் சட்டை, தோளில் மடித்த அங்கவஸ்திரம், கிராப்புத் தலை, இடது மணிக்கட்டில் கடிகாரம், வலது கையில் ஒரு புத்தகம். பின்னால் தூண், படிக்கட்டு, மரம் வரைந்த திரை. தரையில் பூ வேலைப்பாடு போட்ட விரிப்பு. இவ்வளவுதான். "வெள்ளைப் புடவை", "பட்டுப் புடவை", "புது மணத் தம்பதி" என்றெல்லாம் இந்தக் கட்டத்தில் எழுதினால் அப்புறம் அதை நாமே ஆதாரம் என்று நம்ப ஆரம்பித்துவிடுவோம், அதுதான் ஆபத்து.

அடுத்து தாள். உடையைவிடத் தாளை நான் அதிகம் நம்புவேன், ஏனென்றால் மனிதர்கள் பழைய துணியைப் போட்டுக்கொண்டு புதிய படம் எடுத்துக்கொள்ளலாம், புழக்கத்துக்கு வராத தாளில் படம் அச்சிட முடியாது. நீங்கள் ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து ஸ்கேன் செய்தது நல்லதாகப் போயிற்று. படம் 4¾ அங்குலத்துக்கு 6½ அங்குலம், அதாவது ஆஃப் பிளேட் அளவு. அந்தக் காலத்து ஸ்டூடியோக்கள் பெரிதும் பயன்படுத்திய அளவு அது, நெகட்டிவைத் தாளோடு ஒட்டி வைத்து அப்படியே பிரதி எடுத்தால் இந்த அளவில் வரும். கருமையான ஓரங்களில், குறிப்பாக இடது மேல் மூலையில், நீலம் கலந்த வெள்ளிப் பூச்சு போல ஒரு மங்கல் தெரிகிறது பாருங்கள். படத்தை ஜன்னல் பக்கம் எடுத்துப்போய்ச் சாய்த்துப் பிடித்தால் அது கண்ணாடி மாதிரி பளபளக்கும். ஜெலட்டின் பூச்சுக்குள் இருக்கும் வெள்ளி பல பத்தாண்டுகளில் மேலே கிளம்பி வந்து படிவதால் வருவது அது. ஆக இது ஜெலட்டின் சில்வர் தாள், அதாவது 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதிக்குக் கருப்பு வெள்ளைப் படங்களுக்கு உலகம் முழுக்கப் பயன்பட்ட தாள்.

இதற்கு முன்னால் இருந்தது முட்டையின் வெள்ளைக்கரு பூசிய ஆல்புமின் தாள். 19ஆம் நூற்றாண்டின் பின்பாதிப் படங்கள் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். மிக மெல்லிய தாள், சுருண்டுகொள்ளும் என்பதால் அட்டையில் ஒட்டித்தான் கொடுப்பார்கள், நிறம் பழுப்பு அல்லது ஊதா கலந்த பழுப்பு, வெளிச்சமான இடங்கள் மஞ்சளடித்திருக்கும். நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பூதக்கண்ணாடியால் பார்த்தால் தாளின் நார் நேராகவே தெரியும். ஜெலட்டின் சில்வர் தாளில் பூச்சுக்கு அடியில் பேரைட்டா என்ற வெள்ளை அடுக்கு இருப்பதால் நார் தெரியாது. உங்களிடம் மூலப் படம் இருக்கிறது, அந்தப் பூதக்கண்ணாடி ஒன்றை வாங்கி நீங்களே பார்த்துவிடலாம்.

காலத்தின் மறு எல்லைக்கும் தாளே உதவும். 1970களிலிருந்து பிளாஸ்டிக் பூசிய தாள் பரவியது. அது தொட்டால் வழவழப்பாக இருக்கும், ஓரம் கிழிந்த இடத்தில் பஞ்சு மாதிரி நார் வராது, பின்பக்கம் மெழுகுத்தாள் போல இருக்கும். உங்கள் படத்தின் கீழ் மூலை கிழிந்த இடத்தில் நார் நன்றாகத் தெரிகிறது, அதனால் இது பழைய நார்த் தாள்தான். பின்பக்கம் தாள் கம்பெனியின் அச்சு ஏதாவது இருந்தால் இன்னும் நெருங்கிப் போகலாம். உதாரணமாக ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த 'இந்து' தாள் என்றால், அந்த ஆலை உற்பத்தியைத் தொடங்கியதே 1967இல்தான், அதற்கு முன்னால் அந்தப் பிரதி அச்சாகியிருக்க முடியாது. அதேபோல ஸ்டூடியோ முத்திரையில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிறகு அடித்த முத்திரை. உங்களுடையதில் இரண்டும் இல்லை. அட்டையின் கீழ் வலது மூலையில் மை இல்லாமல் அழுத்திய முத்திரை மட்டும் இருக்கிறது, அதில் கும்பகோணம் என்ற ஊர்ப் பெயர் மட்டும் படிக்க முடிகிறது, ஸ்டூடியோ பெயர் தேய்ந்துவிட்டது. அட்டையைப் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் போட்டோ எடுத்துப் பாருங்கள், நிழல் விழுந்து எழுத்து எழும்பும். இன்னொன்று, கும்பகோணம் என்பது ஸ்டூடியோ இருந்த ஊர். அவர்கள் ஊர் கும்பகோணம் என்று எழுதிவிடாதீர்கள், சுற்று வட்டாரத்திலிருந்து வண்டி கட்டி வந்து படம் எடுத்துக்கொண்டு போனவர்கள் எத்தனையோ பேர்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, இதில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். தாள் சொல்வது பிரதி எடுத்த காலத்தை. படம் எடுத்த காலம் அதற்கு எவ்வளவோ முந்தியதாக இருக்கலாம். தாத்தா இறந்ததும் அவருடைய பழைய படத்தை ஸ்டூடியோவில் கொடுத்து அதையே மறுபடி படம் பிடித்துப் பெரிதாக்கி மாலை போடுவது நம் வீடுகளில் சாதாரணம். அப்படிப்பட்ட மறுபிரதியா என்று கண்டுபிடிக்க விரலால் தடவிப் பாருங்கள். கண்ணுக்கு மடிப்போ கீறலோ தெரிகிறது, ஆனால் விரலுக்குத் தட்டுப்படவில்லை என்றால் அது மூலப் படத்தில் இருந்த மடிப்பு, படத்தோடு சேர்ந்து படமாகிவிட்டது என்று அர்த்தம். ஓரத்தில் பழைய அட்டையின் விளிம்போ குண்டூசியின் நிழலோ விழுந்திருந்தாலும் மறுபிரதிதான். மறுபிரதியில் புருவ மயிர், துணியின் நெசவு மாதிரியான நுணுக்கங்கள் கரைந்து போயிருக்கும். உங்கள் படத்தில் விரிப்பின் நூல் வரை தெளிவாக இருக்கிறது, ஸ்கேனில் தெரியும் ஒரே மடிப்பு பின்பக்க ஸ்கேனிலும் அதே இடத்தில் இருக்கிறது. ஆக உங்கள் கையில் இருப்பது நெகட்டிவிலிருந்து நேராக எடுத்த பிரதி. தாளின் காலமும் படத்தின் காலமும் அநேகமாக ஒன்றே.

இனி பின்பக்க எழுத்து. "தாது ௵ தை ௴ 12 ௳ காலை" என்று இருக்கிறது. ௵ வருஷத்துக்கு, ௴ மாதத்துக்கு, ௳ நாளுக்கு. தாது வருஷம் என்றதும் பெரியவர்களுக்குத் தாது வருஷப் பஞ்சம் நினைவுக்கு வரும், அது 1876-77. அறுபது வருஷச் சுற்று என்பதால் அடுத்த தாது 1936-37, அதற்கடுத்தது 1996-97. வருஷம் சித்திரையில் பிறப்பதால் தை மாதம் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும், ஆக நமக்கு வாய்ப்புள்ள ஆண்டுகள் 1877, 1937, 1997 என்று மூன்றே மூன்று. 1877 என்றால் தாள் அநேகமாக ஆல்புமினாக இருந்திருக்க வேண்டும், இது அதில்லை. அதோடு நிற்பவர் கையில் கடிகாரம் இருக்கிறது, 1914-18 போர் வரைக்கும் ஆண்கள் சங்கிலி போட்டுப் பையில் வைக்கும் கடிகாரம்தான் வைத்திருந்தார்கள், கைக்கடிகாரம் ஆண்களிடம் பரவியது அந்தப் போருக்குப் பிறகு. 1997 என்றால் இந்தத் தாளும் ஓரத்தில் வெள்ளி இவ்வளவு கிளம்பியிருப்பதும் பொருந்தவே பொருந்தாது. மிஞ்சுவது 1937. தை 12 என்றால் ஜனவரி 25ஐ ஒட்டிய நாள். ஒருநாள் முன்னே பின்னே இருக்கலாம், அதனால் புத்தகத்தில் "ஜனவரி கடைசி வாரம்" என்று போடுங்கள்.

தனித்தனியாக எடுத்தால் தாள் அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்தைத்தான் காட்டியது, கடிகாரம் ஒரு கீழ் எல்லையை மட்டும் காட்டியது, எழுத்து மூன்று வெவ்வேறு ஆண்டுகளைக் காட்டியது. மூன்றையும் மேலே மேலே வைத்ததும் ஓர் ஆண்டு மட்டும் நின்றது. எனக்கு இதில் பிடித்த விஷயமே இதுதான்.

ஆனாலும் அந்தத் தேதி எதனுடைய தேதி? "எடுத்தது" என்று அங்கே எழுதவில்லை. தையில் கல்யாணம் நிறைய நடக்கும், "காலை" என்று குறித்திருப்பது முகூர்த்த நேரத்தைக்கூடக் குறிக்கலாம். படம் அன்றே எடுத்ததா, கல்யாணம் முடிந்து சில மாதம் கழித்து எடுத்ததா, தெரியாது. இன்னொரு பக்கம், ஜன்னல் வெளிச்சத்தில் இயங்கிய ஸ்டூடியோக்களில் படம் எடுக்கக் காலை நேரம் வசதியானது, அதனால் "காலை" என்பது படம் எடுத்த நேரமாகவும் இருக்கலாம். இரண்டில் எது என்று முடிவு கட்ட இந்த எழுத்தில் ஒன்றும் இல்லை. எப்போது எழுதினார்கள் என்பதும் அப்படித்தான். "காலை"யில் இருக்கும் லை பழைய முறையில், முன்னால் துதிக்கை போட்டு எழுதியிருக்கிறது. 1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவரும் முன் பள்ளியில் படித்தவர் எழுதியது என்று அதிலிருந்து சொல்லலாம். ஆனால் அப்படிப் படித்தவர்கள் 1990களிலும் அதே லையைத்தான் எழுதினார்கள், அதனால் 1937க்கு அது சாட்சி ஆகாது. மை தாளில் ஊறிப் பழுப்பாகியிருக்கிறது, தொட்டு எழுதும் பேனா அல்லது ஊற்றுப் பேனா. பால்பாயின்ட் பேனாவாக இருந்திருந்தால் 1945க்குப் பிறகு நினைவிலிருந்து எழுதியது என்று நிச்சயமாகச் சொல்லியிருப்பேன், இங்கே அந்தச் சந்தேகம் இல்லை. அந்தக் காலத்திலேயே எழுதியிருக்கலாம் என்று நினைக்கிறேன், அவ்வளவுதான்.

உடைக்கு வருவோம். உடை எப்போதும் "இதற்கு முன்னால் இல்லை" என்றுதான் உருப்படியாகச் சொல்லும், "இதற்குப் பின்னால் இல்லை" என்று சொல்லவே சொல்லாது. புஃப் கை ரவிக்கை 1930களிலும் 40களிலும் ஸ்டூடியோப் படங்களில் நிறையப் பார்க்கலாம், சரி. ஆனால் இருபது வயதில் அப்படித் தைத்துக்கொண்ட ஒருவர் நாற்பது வயதிலும் அதே அளவு ரவிக்கையைக் கொடுத்துத் தைக்கச் சொல்லியிருப்பார். பெண்களின் உடையை வைத்துக் காலம் சொல்லும்போது அவர் வயதைக் கழித்துப் பார்க்க வேண்டும், ஒரு படத்தில் நாலு பெண்கள் இருந்தால் எல்லாரிலும் இளையவருடைய ரவிக்கையைப் பாருங்கள். நாற்காலியில் இருப்பவருக்கு முன்பக்கம் கொசுவம் இறங்குவது மடிக்குக் கீழே தெளிவாகத் தெரிகிறது, ஆகவே பின்கொசுவம் இல்லை, மடிசாரும் இல்லை. முன்கொசுவம் 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் தமிழ்நாட்டில் ஊர் ஊராக, வீடு வீடாகப் பரவியது. ஒரே வீட்டில் மாமியார் பின்கொசுவமும் மருமகள் முன்கொசுவமுமாக இருந்த காலம் அது. அதனால் ஆண்டு சொல்ல இது உதவாது. அவர் இந்தச் சாதி என்றோ இந்தச் சாதி இல்லை என்றோ முடிவு கட்டவும் இது போதாது.

பட்டா என்று கேட்டால், அநேகமாகப் பட்டு. கரையை 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்து பெரிதாக்கிப் பாருங்கள். முழங்கால் மேல் வெளிச்சம் படும் மடிப்பில் கரை வெள்ளையாக இருக்கிறது, பக்கத்து மடிப்பில் அதே கரை கிட்டத்தட்டக் கருப்பாக இருக்கிறது. சாதாரண நூல் கரை இப்படி மாறாது, எங்கும் ஒரே சாயலில்தான் இருக்கும். வெளிச்சத்தைத் திருப்பும் இடத்தில் வெள்ளையாகவும் திருப்பாத இடத்தில் கருப்பாகவும் தெரிந்தால் அது உலோக இழை, ஜரிகை. இவ்வளவு அகல ஜரிகைக் கரை பருத்தியில் அபூர்வம், அதனால் பட்டு என்று ஊகிக்கிறேன். கரையும் உடலும் சேரும் இடத்தில் ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கும் கோடு தெரிகிறது, தனியாக நெய்து கோர்த்த கோர்வைக் கரையின் அடையாளம் அது. இதைப் பார்த்ததும் "காஞ்சிபுரம் பட்டு" என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். கோர்வை நெசவு ஒரு ஊருக்கு மட்டும் சொந்தமில்லை, கும்பகோணத்துக்குப் பக்கத்திலேயே பட்டு நெய்யும் திருபுவனம் இருக்கிறது.

நிற்பவருடைய கோட்டைக் கொஞ்ச நேரம் பாருங்கள். கை நீளம் விரல் முட்டி வரை வந்துவிட்டது, தோள் தையல் தோளுக்கு வெளியே இறங்கி நிற்கிறது. அவர் அளவுக்குத் தைத்த கோட்டு இல்லை. ஸ்டூடியோக்களில் கோட்டு, கைக்கடிகாரம், புத்தகம் எல்லாம் வைத்திருந்து, படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்களுக்குக் கொடுப்பார்கள். இது அப்படி வந்ததாக இருக்கலாம், அண்ணன் கோட்டாகவும் இருக்கலாம். எதுவானாலும் "வசதியானவர்", "உத்தியோகத்தில் இருந்தவர்" என்று கோட்டை வைத்து எழுத முடியாது, கையில் புத்தகம் இருப்பதால் படித்தவர் என்றும் எழுத முடியாது. நகையும் அப்படித்தான், படம் எடுக்கப் போகும்போது அக்காவின் அட்டிகையை வாங்கிப் போட்டுக்கொண்டு போனவர்கள் உண்டு. உங்கள் வீட்டில் அதே அட்டிகை இன்னும் இருக்கிறதா என்று பெரியவர்களைக் கேளுங்கள். இருந்தால் அதன் பதக்கத்தைப் படத்தில் உள்ளதோடு கல் கல்லாக ஒப்பிட்டுப் பார்க்கலாம், அது நல்ல ஆதாரம்.

அந்தக் கோட்டு இன்னொரு வேலைக்கும் உதவுகிறது. படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்று பார்க்க அதுதான் சுலபமான வழி. ஆண்கள் கோட்டில் இடப்பக்கம் மேலே வந்து வலப்பக்கத்தை மூடும், மார்புப் பை இடது மார்பில் இருக்கும். நம்மைப் பார்த்து நிற்பவருக்கு அது நம் வலது கைப் பக்கம் தெரிய வேண்டும். உங்கள் படத்தில் அப்படியே இருக்கிறது. எனவே கடிகாரம் இடது கையில், முந்தானை இடது தோளில் என்பதெல்லாம் உண்மை. நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சிட்ட படங்கள் நிறைய உண்டு. அதைக் கவனிக்காமல் முந்தானை வலது தோளில் இருக்கிறது, ஆகவே இன்ன குடும்பம் என்று பெரிய பெரிய முடிவுகளுக்குப் போயிருக்கிறார்கள்.

இப்போது நிறம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் மனம் தானாக ஓடிப்போய் ஒரு நிறத்தைப் பூசிவிடுகிறது. அந்தக் காலத்து நெகட்டிவ்கள் நிறங்களை நம் கண் பார்ப்பது போலப் பார்ப்பதில்லை. ஆரம்ப காலத் தகடுகளுக்கு நீலம் மட்டும்தான் தெரியும். பின்னால் வந்த ஆர்த்தோ வகைக்கு நீலமும் பச்சையும் தெரியும், சிவப்பு தெரியாது. எல்லா நிறமும் தெரியும் பான்குரோமாட்டிக் வகை 1906 முதல் விற்பனையில் இருந்தாலும், ஆர்த்தோவை இருட்டறையில் சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் கண்ணால் பார்த்துக் கழுவலாம் என்பதால் ஸ்டூடியோக்காரர்கள் அதை வெகுகாலம் விடவில்லை. ஆர்த்தோவில் அரக்கு, குங்குமச் சிவப்பு எல்லாம் கருப்பாக விழும். வெளிர் நீலம் வெள்ளையாக விழும்.

உங்கள் படத்தில் புடவை கருமையாக இருக்கிறது. அது அரக்காக இருக்கலாம், கரும் பச்சையாக இருக்கலாம், கத்தரிப்பூ நிறமாக இருக்கலாம், உண்மையிலேயே கருப்பாகக்கூட இருக்கலாம். பொட்டு இவ்வளவு கருப்பாக விழுந்திருப்பதை வைத்து ஆர்த்தோ என்று சந்தேகிக்கலாம், ஆனால் அடர்ந்த குங்குமம் பான்குரோமாட்டிக்கிலும் கருமையாகத்தான் வரும், அது மையால் வைத்த சாந்துப் பொட்டாகவும் இருக்கலாம். ஆக நிறத்துக்கு வழி இல்லை. யாராவது கலர் ஏற்றிக் கொடுத்தால் அந்த அரக்கு நிறம் கலர் ஏற்றியவருடைய ஊகம், அதைப் புத்தகத்தில் போட்டால் பக்கத்தில் அப்படிச் சொல்லிவிடுங்கள். இதே காரணத்தால் மேனி நிறத்தைப் பற்றியும் எழுதாதீர்கள். நம் மேனியில் இருக்கும் சிவப்பும் பழுப்பும் ஆர்த்தோவில் உண்மை நிறத்தைவிடக் கருமையாக விழும், அப்புறம் ஸ்டூடியோக்காரர் நெகட்டிவில் பென்சிலால் முகத்தைத் தடவி வெளுப்பாக்குவார். உதடு கருமையாக இருப்பதற்கும் இதுதான் காரணம், வெற்றிலை போட்டிருந்தால் இன்னும் கருக்கும்.

இந்த நிற விஷயத்தில் ஒரு தப்பு மனதை வருத்துவது. பழைய படத்தில் வெள்ளைப் புடவை கட்டிய பெண்ணைப் பார்த்ததும் "விதவை" என்று எழுதிவிடுகிறார்கள். வெளிர் நீலப் புடவையும் வெள்ளையாகத்தான் விழும். கணவர் உயிரோடு இருந்த ஒரு பாட்டியை நாமே அச்சில் விதவையாக்கிவிடுவோம். உங்கள் பெட்டியில் வேறு படங்கள் இருந்தால் இதை நினைவில் வையுங்கள்.

உறவு. பெண் உட்கார, ஆண் நிற்பது ஸ்டூடியோக்காரர் வைத்த அமைப்பு, ஆண் உட்கார்ந்து பெண் நிற்கும் படமும் அதே அளவு இருக்கும். அக்கா தம்பி, அம்மா மகன், அண்ணன் தங்கை எல்லாரையும் இப்படித்தான் நிறுத்தினார்கள். தாலி இருக்கிறதா என்று தேடினீர்கள் என்றால், நீளச் சங்கிலி முந்தானைக்குள் போய் மறைகிறது, அது தாலிச் சங்கிலியாக இருக்கலாம், வெறும் சங்கிலியாக இருக்கலாம். மெட்டியைப் பார்க்கலாம் என்றால் பாதத்தைப் புடவை மூடியிருக்கிறது. இரண்டும் தெரியாததால் கல்யாணம் ஆகாதவர் என்று முடிவுக்கு வரவும் கூடாது. வயதும் கஷ்டம்தான். நெகட்டிவில் பென்சில் வேலை செய்யும்போது முதலில் போவது கண்ணுக்குக் கீழே உள்ள கோடுகள். முகத்தை விட்டுவிட்டுக் கையைப் பாருங்கள், கையை அவ்வளவாகத் தொடமாட்டார்கள். நாற்காலிக் கைமேல் இருக்கும் அவருடைய கை இளம் கைதான், நரம்பு எழவில்லை. இருபதுகளில் இருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. தோன்றுகிறது என்று மட்டும்தான்.

இரண்டு பேருமே சிரிக்கவில்லை. அதை வைத்துக் கட்டாயக் கல்யாணம், சோகம், பயம் என்று கதை கட்ட வேண்டாம். 1937இல் ஒரு நொடிக்குள் படம் பிடித்துவிட முடியும், அசையாமல் நெடுநேரம் இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஸ்டூடியோவில் படத்துக்கு உட்கார்ந்தால் முகத்தை அப்படி வைத்துக்கொள்வது வழக்கம், அவ்வளவுதான். கண்மணியைப் பெரிதாக்கினால் ஒரு விஷயம் தெரிகிறது: இருவர் கண்ணிலும் சதுரமான ஒரே ஒரு வெளிச்சப் புள்ளி, அதுவும் ஒரே பக்கத்தில். மின்விளக்கு வைத்திருந்தால் சிறு வட்டப் புள்ளிகளாக, பெரும்பாலும் இரண்டு மூன்றாக விழும். இது பெரிய கண்ணாடி ஜன்னல். பகல் வெளிச்சத்தில் எடுத்த படம் என்று தைரியமாக எழுதலாம். பின்பக்கத்துக் "காலை"யோடு இது ஒத்துப்போகிறது, ஆனால் நிரூபிக்கவில்லை.

உங்கள் புத்தகத்துக்கு நான் எழுதிக் கொடுப்பது இது: "கும்பகோணம் ஸ்டூடியோ ஒன்றில் பகல் வெளிச்சத்தில் எடுத்த படம். பின்பக்கம் தாது வருஷம் தை 12 காலை என்று எழுதியிருக்கிறது; தாளையும் கைக்கடிகாரத்தையும் வைத்துப் பார்த்தால் அது 1937 ஜனவரி கடைசி வாரம். அந்தத் தேதி படம் எடுத்த நாளா வேறு நிகழ்ச்சியின் நாளா என்று தெரியவில்லை. பெண் முன்கொசுவம் வைத்து, ஜரிகைக் கரை போட்ட புடவை (அநேகமாகப் பட்டு) கட்டியிருக்கிறார். ஆணின் கோட்டு அவர் அளவுக்குத் தைத்தது இல்லை. இருவரின் பெயரும் உறவும் உறுதியாகவில்லை."

இதற்கு மேல் போக வேண்டுமென்றால் ஒரே வழி பின்திரைதான். அந்த வரைந்த தூணில் மூன்றாவது படிக்கு நேராக ஒரு கிழிசலைத் தைத்த தழும்பு இருக்கிறது. ஒரு ஸ்டூடியோ ஒரே திரையைப் பல வருஷம் வைத்திருக்கும். உறவினர் வீடுகளில், கும்பகோணம் பக்கத்துப் பழைய குடும்பங்களில், இதே திரையும் இதே விரிப்பும் இருக்கும் படம் தேதியோடு கிடைத்தால் அதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தழும்பு இல்லாத படம் நம்முடையதற்கு முந்தியது, இருப்பது ஒட்டியது அல்லது பிந்தியது. நல்ல வேளையாக முத்திரையில் ஸ்டூடியோ பெயர் எழும்பிவிட்டால் தேடுவது இன்னும் சுலபம். அப்புறம், நீங்கள் கண்டுபிடிக்கும் எதையும் படத்தின் பின்னால் பேனாவால் எழுதாதீர்கள், மை முன்பக்கம் ஊறும். 2பி பென்சிலால், அட்டையின் ஓரத்தில், மெதுவாக, எழுதும் தேதியையும் சேர்த்து எழுதுங்கள்.